நிலையான விலை, தேயும் பேனல்: சோலார் நிலையத்தை எந்தக் கணக்கில் மதிப்பிடுவது?

சென்ற மாதம் விருதுநகரிலிருந்து பருப்பு மில் வைத்திருப்பவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கட்டி முடித்து, மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஒப்பந்தமும் போட்ட ஒரு மெகாவாட் சோலார் நிலையம் 4 கோடி ரூபாய்க்கு விலைக்கு வந்திருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு 3 ரூபாய் 50 காசு, 25 ஆண்டுகளுக்கு மாறாத விலை. விற்பவர் பென்சிலால் எழுதிக் கொடுத்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 16 லட்சம் யூனிட், வரவு 56 லட்சம், செலவு 6 லட்சம், மிச்சம் 50 லட்சம், 8 ஆண்டில் முதல் திரும்பும்.

கணக்காளர் படிப்புப் படிக்கும் அவருடைய மகன் ஒரு சூத்திரத்தில் போட்டுப் பார்த்து, நிலையத்தின் மதிப்பு 4 கோடியே 31 லட்சம் என்று சொல்லியிருக்கிறார். கடன் கேட்டுப் போன வங்கியில், ஆண்டு வாரியாக அட்டவணை போட்டு வந்தால்தான் பேசலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள் சார், எதை நம்புவது?" என்று கேட்டார்.

இதே கேள்வியோடு பலர் வருவதால் மூன்று வழிகளையும் இங்கே ஒரே நிலையத்தின் எண்களை வைத்து ஒப்பிடுகிறேன். வருமான வரியைச் சேர்க்கவில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

இந்தத் தொழிலில் இரண்டு கோடுகள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. பேனல் ஆண்டுதோறும் கொஞ்சம் தேய்வதால் யூனிட் குறைகிறது. யூனிட்டின் விலை நகராததால் வரவும் அதே வீதத்தில் குறைகிறது. ஆனால் காவலாளி சம்பளம், பேனல் கழுவும் கூலி, காப்பீடு, நிலக் குத்தகை ஆகியவை விலைவாசியோடு ஏறுகின்றன. மிச்சம் இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறது.

எனவே எந்தக் கணக்கையும் நான்கு கேள்விகளால் சோதிக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் ரூபாயை இன்றைய ரூபாயாக அது மாற்றுகிறதா? குறையும் வரவையும் ஏறும் செலவையும் தனித்தனியாக நடத்துகிறதா? இன்வெர்ட்டர் மாற்றுவது போன்ற ஒரு முறை வரும் பெரிய செலவுக்கு இடம் தருகிறதா? எதிரில் உட்கார்ந்திருப்பவர் சரிபார்க்கும் அளவுக்கு எளிமையாக இருக்கிறதா?

ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. கணக்குப் புத்தகத்தில் எழுதும் தேய்மானம் வேறு, பேனலின் உற்பத்தி குறைவது வேறு. இரண்டும் குழம்பாமலிருக்க, உற்பத்திக் குறைவைத் தேய்வு என்றே எழுதுகிறேன். இந்த நிலையத்துக்குத் தேய்வு ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்றும், செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்றும் வைத்துக்கொள்வோம். மில்காரர் தன் பணத்துக்கு எதிர்பார்ப்பது 10 சதவீதம். எதிர்கால வரவை இன்றைய மதிப்புக்குக் கழிக்கும் வீதமும் அதுவே.

| கேள்வி | முதல் திரும்பும் காலம் | ஒற்றைச் சூத்திரம் | ஆண்டு வாரி அட்டவணை |
|---|---|---|---|
| பணத்தின் கால மதிப்பு | பார்க்காது | பார்க்கும் | பார்க்கும் |
| குறையும் வரவு, ஏறும் செலவு | பார்க்காது | இரண்டு முறை போட்டால் பார்க்கும் | பார்க்கும் |
| ஒரு முறை வரும் பெரிய செலவு | இடமில்லை | தனியாகக் கழிக்க வேண்டும் | உரிய ஆண்டில் அமரும் |
| சரிபார்க்கும் எளிமை | ஒரு நிமிடம் | பத்து நிமிடம் | அரை நாள் |
| இந்த நிலையத்துக்கு விடை | 8 ஆண்டு | சுமார் 4 கோடி | 3 கோடியே 88 லட்சமும் அதற்குக் கீழும் |

## முதல் வழி: முதல் திரும்பும் காலம்

4 கோடியை 50 லட்சத்தால் வகுத்தால் 8. எல்லாருக்கும் புரியும், யாரும் தவறாகப் போட முடியாது. பத்து இடங்களைப் பார்த்து எட்டை ஒதுக்க வேண்டிய கட்டத்தில் இதைவிடக் கைக்கடக்கமான கருவி கிடையாது. 12 ஆண்டு காட்டும் நிலையத்தைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

அந்த 50 லட்சம் முதலாண்டில் மட்டுமே வருகிறது என்பதுதான் இதன் குறை. தேய்வையும் செலவு ஏற்றத்தையும் சேர்த்துக் கூட்டினால் 8 ஆண்டு முடிவில் கைக்கு வந்திருப்பது 3 கோடியே 80 லட்சம். மீதி 20 லட்சத்துக்கு இன்னும் ஐந்தாறு மாதம் காத்திருக்க வேண்டும். இது சிறிய பிழைதான், இதற்காக நான் சண்டை போடமாட்டேன்.

பெரிய பிழை அதற்குப் பிறகு வரும் 17 ஆண்டுகளில் இருக்கிறது. 'மீதியெல்லாம் லாபம்' என்று விற்பவர் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் ஓடுகிறது. 25-ஆவது ஆண்டைப் போட்டுப் பாருங்கள். யூனிட் 13.5 லட்சம், வரவு 47 லட்சம். அன்று 6 லட்சம் செலவு 19 லட்சமாகியிருக்கும். மிச்சம் 28 லட்சம். யூனிட் 15 சதவீதம் போலக் குறைந்தபோது, மிச்சம் 44 சதவீதம் குறைந்துவிட்டது. அதுவும் கால் நூற்றாண்டு கழித்து வரும் 28 லட்சம்.

## இரண்டாம் வழி: ஒற்றைச் சூத்திரம்

ஆண்டுதோறும் ஒரே வீதத்தில் குறையும் வரவின் இன்றைய மதிப்பை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

```
PV = R / (r + d) * (1 - ((1 - d) / (1 + r))^n)
```

R முதலாண்டு வரவு, r கழிவு வீதம், d தேய்வு வீதம், n ஆண்டுகள். இந்தச் சூத்திரத்தை எனக்குப் பிடிக்கும். பகுதியில் r-உம் d-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். தேய்வு என்பது, 10 சதவீதம் எதிர்பார்த்தவர் 10.7 சதவீதம் எதிர்பார்ப்பதைப் போலத்தான் ஏறத்தாழ வேலை செய்கிறது. நம் நிலையத்துக்கு இப்படி வரும்:

```
=56/(0.10+0.007)*(1-((1-0.007)/(1+0.10))^25)
```

விடை 482.8 லட்சம். தேய்வே இல்லை என்று வைத்தால் 508.3 லட்சம். ஆக, 25 ஆண்டுத் தேய்வின் இன்றைய விலை 25 லட்சம் ரூபாய், வரவில் 5 சதவீதம். பயமுறுத்தும் தொகை அல்ல, விட்டுவிடும் தொகையும் அல்ல.

மகன் எங்கே தவறினார்? 56 லட்சத்துக்குப் பதிலாக மிச்சமான 50 லட்சத்தைச் சூத்திரத்தில் இட்டுவிட்டார். அதனால் செலவும் ஆண்டுக்கு 0.7 சதவீதம் குறைந்துகொண்டே போகும் என்று ஆகிவிட்டது. காவலாளி சம்பளம் எந்த ஊரில் குறைகிறது? செலவுக்கு இதே சூத்திரத்தைத் தனியாகப் போட வேண்டும். ஏறும் வீதம் என்பதால் d-யின் இடத்தில் −0.05 வரும். விடை 82.5 லட்சம். 482.8-இலிருந்து கழித்தால் 400.3 லட்சம். மகன் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் 31 லட்சம். தேய்வால் வரும் மொத்த இழப்பைவிட, தேய்வைத் தவறான இடத்தில் வைத்ததால் வந்த பிழை பெரிது.

இதைவிட ஆபத்தான இன்னொரு பிழையும் உண்டு. சிலர் 10 சதவீதத்திலிருந்து விலைவாசி உயர்வு 5 சதவீதத்தைக் கழித்து, 5 சதவீத வீதத்தில் மதிப்பிடுவார்கள். விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வருமானத்துக்கு அது பொருந்தும். நம் யூனிட் விலையோ கல்லில் வெட்டியது. 25-ஆவது ஆண்டிலும் அதே 3 ரூபாய் 50 காசுதான், ஆனால் அன்றைக்கு அதற்கு எவ்வளவு பருப்பு கிடைக்கும்? இந்தத் தவறான வீதத்தில் வரவின் மதிப்பு மட்டும் 7 கோடியே 39 லட்சமாக வீங்கிவிடும். ஒருவர் காட்டும் அறிக்கையில் மதிப்பு நம்ப முடியாத அளவுக்கு உயரமாக இருந்தால், முதலில் கழிவு வீதத்தைப் பாருங்கள்.

விலை நிலையாக இருப்பதில் நல்ல பக்கமும் உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014 செப்டம்பரில் சோலார் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று நிர்ணயித்தது. 2016 மார்ச்சில் புதிய நிலையங்களுக்கு அது 5 ரூபாய் 10 காசாக இறங்கியது. முன்னதன் கீழ் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அந்தப் பழைய விலை ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் உண்டு. சந்தை சரிந்தாலும் காப்பாற்றும் அதே வரிதான் விலைவாசி ஏறும்போது கையைக் கட்டுகிறது.

இந்த வழி சிறந்து நிற்பது இரண்டு பொருள்களுக்கிடையே தேர்வு செய்யும்போது. எந்தப் பேனல் வாங்குவது என்பது நல்ல உதாரணம். 'பெர்க்' வகைப் பேனல்களின் உத்தரவாதத் தாளில் பொதுவாகக் காண்பது முதலாண்டில் 2 சதவீதமும், பிறகு ஆண்டுக்கு 0.55 சதவீதமும் குறையும் என்பது. 'டாப்கான்' வகையில் அது 1 சதவீதமும் 0.4 சதவீதமும். இரண்டிலும் குறைவது பெயர்ப்பலகைத் திறனில் இத்தனை சதவீதம் என்பதால், கோடு நேராக இறங்குகிறது. அந்த நேர்க்கோட்டை ஆண்டு ஆண்டாக 10 சதவீதத்தில் கழித்தால் முதல் வகைக்கு வரவின் மதிப்பு 477 லட்சம், இரண்டாம் வகைக்கு 488 லட்சம். வித்தியாசம் சுமார் 11 லட்சம். ஒரு மெகாவாட் பேனலில் பத்து லட்சம் வாட் இருப்பதால், வாட்டுக்கு ஒரு ரூபாய் வரை அதிகம் கொடுத்து டாப்கான் வாங்கலாம். விற்பனையாளர் அதற்கு மேல் கேட்டால், தேய்வு குறைவு என்ற காரணம் மட்டும் அந்த விலைக்குப் போதாது.

## மூன்றாம் வழி: ஆண்டு வாரி அட்டவணை

25 வரிசை போட்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் யூனிட், வரவு, செலவு, மிச்சம், இன்றைய மதிப்பு என்று நிரப்புவது. சலிப்பான வேலைதான். ஆனால் உண்மையான பணத்தைப் போடுகிறவர் இதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சூத்திரம் விழுங்கிவிடும் நான்கு விஷயங்கள் இங்கேதான் தெரியும்.

முதலாவது, தேய்வின் வடிவம். மேலே சொன்ன 477 லட்சத்தைச் சூத்திரம் தந்த 482.8-உடன் ஒப்பிடுங்கள். 25-ஆவது ஆண்டு முடிவில் ஒன்றில் 84.8 சதவீதமும் மற்றதில் 25-ஆவது ஆண்டில் 84.5 சதவீதமும் மிஞ்சுகின்றன, கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் முதலாண்டிலேயே 2 சதவீதம் போய்விடுவதால் மதிப்பு ஐந்தரை லட்சம் குறைகிறது. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: 16 லட்சம் யூனிட் என்பது அந்த முதலாண்டுச் சரிவைக் கழித்த பிறகா, கழிப்பதற்கு முன்பா? நம் மில்காரர் தொலைபேசியில் கேட்டபோது, முன்பு என்றே பதில் வந்தது.

இரண்டாவது, இன்வெர்ட்டர். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவதைக் கேட்டுப் பலரும் நிலையம் முழுவதற்கும் 25 ஆண்டு ஆயுள் என்று நினைத்துவிடுகிறார்கள். இன்வெர்ட்டரை நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். 13-ஆவது ஆண்டில் 25 லட்சம் என்று வைத்தால் இன்றைய மதிப்பில் 7.2 லட்சம். சூத்திரம் காட்டிய 400.3-இல் இதைக் கழித்தாலே 393 லட்சம். 4 கோடி விலைக்கு நிலையம் தரும் ஈட்டு வீதம் 9.75 சதவீதமாகிவிடும். முதலாண்டுச் சரிவையும் சேர்த்தால் மதிப்பு 388 லட்சம்.

மூன்றாவது, பணம் வரும் தேதி. மின் விநியோக நிறுவனம் பட்டியலுக்கு உடனே பணம் கொடுத்துவிடும் என்று சூத்திரம் நம்புகிறது. ஒவ்வொரு பட்டியலுக்கும் ஆறு மாதம் தாமதமானால், வட்டியும் கிடைக்காவிட்டால், வரவின் மதிப்பில் 22 லட்சம் போய்விடும். தேய்வு தின்றது 25 லட்சம் என்பதை நினைவில் வையுங்கள். பேனல் 25 ஆண்டு வெயிலில் நின்று இழப்பதும், காசோலை ஆறு மாதம் தாமதமாவதும் ஏறத்தாழ ஒரே எடை. தாமதக் கட்டணத்துக்கு மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பக்கத்து நிலையத்துக்காரருக்குப் போன மாதம் எந்தப் பட்டியலுக்குப் பணம் வந்தது என்ற இரண்டையும் விசாரித்த பிறகே அந்த வரிசையை நிரப்புங்கள். மில்காரருக்கு விசாரித்ததில் மூன்று மாதம் என்று தெரிந்தது. அதைப் போட்டால் மதிப்பு 376 லட்சம்.

நான்காவது, கடன் தவணை. வங்கி அட்டவணை கேட்டதற்குக் காரணம் இதுதான். 4 கோடியில் 2 கோடியே 80 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 12 ஆண்டு என்றால் சம தவணை ஆண்டுக்கு 41 லட்சம். முதலாண்டு மிச்சம் 50 லட்சம், சௌகரியமாகக் கட்டலாம். 12-ஆவது ஆண்டில் மிச்சம் 41.6 லட்சம், தவணை அதே 41 லட்சம். ஒரு மழைக்காலம் நீண்டால், ஒரு மின்மாற்றி பழுதானால், மில்லின் லாபத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டிவரும். தவணை அசையாதது, மிச்சம் தேய்வது. இந்தப் பொருத்தமின்மை எந்தச் சூத்திரத்திலும் தெரியாது. அடுத்த ஆண்டே இன்வெர்ட்டர் வேறு வருகிறது. ஆரம்ப ஆண்டுகளில் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் தவணை வைக்க முடியுமா என்று வங்கியில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அட்டவணைக்கு மறைமுகச் செலவும் இருக்கிறது. 25 வரிசையில் எங்காவது ஓர் எண் தவறினால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நான் செய்வது: இன்வெர்ட்டரையும் தாமதத்தையும் பூச்சியமாக்கி, தேய்வைச் சீராக 0.7 சதவீதமாக வைத்துப் பார்ப்பேன். அட்டவணை 400.3 லட்சம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிழை அட்டவணையில். சூத்திரத்தை நான் கைவிடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## அந்த 0.7 சதவீதம் எங்கிருந்து வருகிறது?

உத்தரவாதத் தாளிலுள்ள எண் ஒரு வாக்குறுதி, அளந்த உண்மை அல்ல. உலகெங்கும் அளந்த தரவுகளைத் திரட்டி அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தினர் வெளியிட்ட மதிப்பாய்வில் நடுமதிப்பு ஆண்டுக்கு 0.5 சதவீதம். வெப்பமான இடங்களில் தேய்வு அதற்கு மேல் போகும். எனவே தென்மாவட்ட வெயிலுக்கு 0.7 என்று வைத்துவிட்டு, 1 சதவீதத்துக்கும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். 1 சதவீதம் என்றால் வரவு 482.8-இலிருந்து ஏறத்தாழ 473 லட்சமாகும்.

ஏற்கெனவே ஓடும் நிலையத்தை வாங்குவதானால் ஊகிக்க வேண்டியதில்லை. மாதாமாதம் மின் விநியோக நிறுவனத்தாரும் நிலையத்தாரும் சேர்ந்து கையெழுத்திடும் மீட்டர் அளவுச் சீட்டுகளைக் கேளுங்கள். மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடுங்கள், மார்ச்சை நவம்பரோடு அல்ல. அங்கே ஒரு பொறி இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நிலையத்தில் மூன்று ஆண்டில் 6 சதவீதம் குறைந்திருந்தது. பேனலின் மேல் விரலை இழுத்தேன், பின்னால் ஒரு கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. ஒரு வரிசையை மட்டும் கழுவச் சொல்லி, மறுநாள் மதியம் கழுவாத வரிசையோடு மின்னோட்டத்தை ஒப்பிட்டோம். குறைவில் பெரும்பகுதி தூசி. தூசி கழுவினால் போகும், தேய்வு போகாது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் நல்ல நிலையத்தை ஒதுக்கிவிடுவீர்கள்.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். இன்வெர்ட்டரின் திறனைவிட அதிகப் பேனல் பதித்த நிலையங்களில், உச்சி வெயிலில் மிகுதி மின்சாரம் வெட்டுப்பட்டுப் போகும். முதல் சில ஆண்டுகள் பேனல் தேய்வது அந்த வெட்டுப்படும் பகுதியில்தான் பெரிதும் நடக்கும், மீட்டரில் அவ்வளவாகத் தெரியாது. 'ஐந்தாண்டாகக் குறையவே இல்லை' என்று காட்டும் சீட்டுகளைப் பார்த்தால், பேனலின் மொத்த வாட்டையும் இன்வெர்ட்டரின் திறனையும் கேட்டு வாங்குங்கள்.

## யாருக்கு எது?

இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு முதல் திரும்பும் காலமே போதும். பேனல் வகை, கழுவும் ஒப்பந்தம், யூனிட் விலையில் பத்துக் காசு வித்தியாசம் என்று ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்பவருக்குச் சூத்திரம் போதும், அதை வரவுக்கு ஒரு முறையும் செலவுக்கு ஒரு முறையும் போட வேண்டும் என்பதை மறக்காதவரை. கடன் வாங்குகிறவரும் விலை பேசுகிறவரும் அட்டவணை போட்டே ஆகவேண்டும்.

மில்காரருக்கு அட்டவணையை அச்சிட்டுக் கொடுத்தேன். விற்பவரிடம் 3 கோடியே 75 லட்சம் என்று சொல்லிவிட்டு, எந்த வரிசையால் விலை குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். முதலாண்டுச் சரிவை விற்பவர் ஒப்புக்கொண்டுவிட்டார். இன்வெர்ட்டருக்குப் பாதி என்றார். பணம் தாமதமாகும் மூன்று மாதத்தை மட்டும் ஏற்க மறுக்கிறார். கடந்த ஓராண்டில் தன்னுடைய வேறொரு நிலையத்துக்குப் பணம் வந்த தேதிகளை வங்கி அறிக்கையோடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பேச்சு இப்போது அந்த ஒரு வரிசையில் நிற்கிறது.